கல்லூரிப் பெயரை மறைத்தபின் விண்ணப்பத்தில் எஞ்சுவது என்ன?

"முன்னணிக் கல்வி நிறுவனங்களில் பயின்றோருக்கு முன்னுரிமை" என்னும் வரி வேலை விளம்பரங்களில் இன்று யாரையும் உறுத்துவதில்லை. அதில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனால் நூறு விண்ணப்பங்களில் எவருக்கு நேர்காணல், எவருக்கு இல்லை என்று பிரிக்கும் இடத்தில் சாதி சொல்லாமலே நுழைகிறது.

சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்முன் நிறுத்தியது. தனியார் நிறுவனங்களின் 548 செய்தித்தாள் விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்றாகவே இருக்க, பெயர் மட்டும் மாறியது. அழைப்புப் பெறும் வாய்ப்பு விகிதம் உயர்சாதிப் பெயருக்கு 1 எனில், தலித் பெயருக்கு 0.67. பெயரை மறைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று இதிலிருந்து பலர் முடிவு கட்டினர். தீராது. பெயர் சொல்வதில் பெரும்பகுதியைக் கல்லூரியின் பெயரும் சொல்லிவிடும்.

சட்டத்துறையையே எடுத்துக்கொள்வோம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. அவற்றுள் பலவற்றில் ஆண்டுக்குச் சில இலட்சங்கள் செலவாகும். அங்கே படித்தவர் என்ற தகவல் ஒருவரின் வழக்காடும் திறனைக் காட்டுவதைவிட, பதினேழு வயதில் அவருக்கு ஆங்கிலமும் பயிற்சி மையமும் கிடைத்தனவா என்பதையே அதிகம் காட்டுகிறது. இட ஒதுக்கீட்டில் அங்கே நுழைந்து, அங்கேயே வதைபட்டுப் படித்து முடித்த தலித் மாணவர்களும் உண்டு. கல்லூரிப் பெயரை மறைப்பதால் அவர்களுக்கு இழப்பில்லை. அவர்கள் செய்த வேலை அவர்களுக்காகப் பேசும்.

கேட்கவேண்டிய கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் கேட்டது. வட கரோலினாவின் மின் நிலையம் ஒன்றில், கூலி வேலை தவிர்த்த பிரிவுகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றும் பொதுத் தேர்வுகளும் கட்டாயமாக்கப்பட்டிருந்தன. கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சான்று இல்லை. அவ்விதி வருவதற்கு முன்பே, சான்றின்றிச் சேர்ந்த வெள்ளையர்கள் அதே பிரிவுகளில் குறையில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தனர். அப்படியானால் அந்தச் சான்றுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு? நிறுவனத்தால் காட்ட இயலவில்லை. பாகுபாடு காட்டும் நோக்கம் இல்லை என்ற வாதமும் போதவில்லை. நம் உச்ச நீதிமன்றம் இராணுவப் பெண் அதிகாரிகள் தொடர்ந்த நிதிஷா வழக்கில் (2021) இத்தீர்ப்பை எடுத்தாண்டு மறைமுகப் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் அது அரசுக்கு எதிரான வழக்கு. தனியார் நிறுவனத்தின் விண்ணப்பக் கட்டுக்கு அரசமைப்பின் 16-ஆம் பிரிவு எட்டாது.

ஆகவே, தேர்வு செய்யும் இடத்தில் நம்மவர்கள் அமரும்போது என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை நடத்தும் சட்ட உதவி அலுவலகம் ஒன்றுக்கு இளம் வழக்கறிஞர் ஒருவர் தேவை. 120 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன, 15 பேரை அழைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

விண்ணப்பக் கட்டைப் பிரிக்கும் முன்பே வேலையை எழுதி வைக்கவேண்டும். முதல் தகவல் அறிக்கையைப் படித்து ஓட்டையைக் கண்டுபிடித்தல், பிணை மனுவை எதிர்த்து எழுதுதல், பாதிக்கப்பட்டவரிடம் அவர் மொழியில் பேசி வாக்குமூலத்துக்குத் தயார்ப்படுத்துதல், மாவட்டங்களுக்கு அலைதல். வேலை இந்த நான்குதான். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். பிறகு, தேர்வில் பங்கேற்காத ஒருவர் பெயர், முகவரி, கல்லூரி, முன்பு பணியாற்றிய அலுவலகத்தின் பெயர் ஆகியவற்றை மறைத்துப் படியெடுக்கவேண்டும்.

அலுவலகப் பெயரை ஏன் மறைக்கவேண்டும் என்று கேட்கலாம். புகழ்பெற்ற மூத்த வழக்கறிஞரிடம் ஊதியமின்றிப் பயிற்சி பெற, தலைநகரில் மாதக்கணக்கில் தங்கிச் சாப்பிட வசதி வேண்டும். "மூத்த வழக்கறிஞர் அலுவலகத்தில் பல முக்கிய வழக்குகளில் உதவினேன்" என்ற வரிக்கு நம் அளவையில் 0. "அமர்வு நீதிமன்றத்தில் ஆறு பிணை எதிர்ப்பு மனுக்களை வரைந்தேன், இரண்டில் நானே வாதிட்டேன்" என்ற வரிக்கு 2, எழுதியவர் எந்த ஊர் வழக்கறிஞரிடம் இருந்தாலும்.

விண்ணப்பத்தைக் கவர்ச்சியாக எழுதுவதும் கல்லூரி கற்றுத்தரும் கலைதான். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மணி நேரப் பணி ஒன்றைக் கொடுப்பது நல்லது. அடையாளங்கள் நீக்கிய வழக்குத்தாள்களில் ஒரு பக்கம், "பிணையை எதிர்க்க எவற்றை எழுப்புவீர்கள்? 300 சொற்களுக்குள், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுக." அத்தாளில் விசாரணை அதிகாரி காவல் ஆய்வாளராக இருக்கட்டும். விதி 7-இன்படி, துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரே விசாரிக்கவேண்டும். பிணை மனு குறித்துப் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புத் தரப்பட்டதாகவும் தாளில் இராது; பிரிவு 15அ அதைக் கட்டாயமாக்குகிறது. இவ்விரண்டையும் கண்டுபிடிப்பவர் இந்த வேலையைத் தொடங்கத் தகுதியானவர்.

இருவர் தனித்தனியாக மதிப்பெண் இடவேண்டும். முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. ஒரு விண்ணப்பத்துக்கு 6 நிமிடம் என்றாலும் ஆளுக்கு 12 மணி நேரம் ஆகும். கல்லூரிப் பெயரை வைத்து வடிகட்டினால் இதே வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அவ்வழக்கம் நீடிக்கக் காரணம் தீய எண்ணம் மட்டுமல்ல, இந்தப் பதினோரு மணி நேரமும்தான்.

மறைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. பிரான்சில் அரசு வேலைவாய்ப்பு அமைப்பு நடத்திய சோதனையில், பெயரற்ற விண்ணப்பங்களால் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடவில்லை, குறைந்தது. சோதனைக்கு முன்வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே நல்லெண்ணம் உள்ளவை. பின்னணி தெரிந்தபோது விண்ணப்பத்தில் இருந்த குறைகளைப் பொறுத்துக்கொண்டவர்கள், பின்னணி மறைந்ததும் குறையை மட்டுமே கண்டனர் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. இரண்டாண்டு இடைவெளியோ தவறிய தேர்வோ இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும் இது நேரும். ஆகவே படிவத்தில், "படிக்கும் காலத்தில் செய்த கூலி வேலை, குடும்பத் தொழில் உட்பட எல்லா வேலைகளையும் எழுதுக" என்று ஓர் இடம் விடவேண்டும். காரணம் தெரியாத இடைவெளிக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்றும் முன்பே முடிவு செய்யவேண்டும்.

15 பேரைத் தெரிவு செய்தபின் மறைப்பை நீக்கிக் கணக்குப் பார்க்கலாம். தேசிய சட்டப் பல்கலைகளிலிருந்து 30 பேர் விண்ணப்பித்து 9 பேர் தேர்வானால் 30 விழுக்காடு. மற்ற கல்லூரிகளின் 90 பேரில் 6 பேர் என்றால் ஏறத்தாழ 7 விழுக்காடு. ஒரு பிரிவின் விகிதம் மிகுதியாகத் தேர்வான பிரிவினதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் தேர்வு முறையை ஆராயவேண்டும் என்பது அமெரிக்காவில் இனம், பால் தொடர்பாக 1978 முதல் வழங்கும் அளவுகோல். அதைக் கல்லூரிக்குப் பொருத்தினால் நம் கணக்கில் கால் பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒருவர் இடம் மாறினாலே விகிதம் ஆடும் என்பதால், இதை எச்சரிக்கையாகக் கொள்ளலாமே தவிரத் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. எந்த அளவையில் இடைவெளி விழுந்தது என்று பார்க்கவேண்டும். மனு எழுதுவதற்கான மதிப்பெண்ணில் ஆங்கில நடை கலந்திருந்தால், சாட்சி விசாரணை தமிழில் நடக்கும் அமர்வு நீதிமன்றத்துக்கு அது எதற்கு என்ற கிரிக்ஸ் கேள்வியே மறுபடி எழும்.

தனியார் நிறுவனத்திடம் இவற்றைக் கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவாது. ஆனால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களும் அரசுப் பல்கலைக்கழகங்களும் ஆள் எடுக்கும்போது கேட்கலாம்: விண்ணப்பங்களை வடிகட்டிய அளவைகள் எவை, அவை எந்தத் தேதியில் முடிவு செய்யப்பட்டன, எந்தெந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேர் அழைக்கப்பட்டனர். முப்பது நாளில் பதில் தரவேண்டும். இரண்டாம் கேள்விக்கான பதிலில், விண்ணப்பங்களுக்கான கடைசி நாளுக்குப் பிந்திய தேதி ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.