பங்காளி மைத்துனரான கதை: நகலை அசலோடு ஒப்பிடுவது எப்படி?

போன வருடம் எதிர்வீட்டுத் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தோடு வந்தார். 1890களில் அரியாங்குப்பத்தில் எழுதப்பட்ட ஒரு மரணப் பதிவு. முழுக்கப் பிரெஞ்சு, சாய்ந்த கையெழுத்து. "ஐயா, இதைத் தட்டச்சு செய்து தமிழில் அர்த்தமும் எழுதித் தந்தால் எங்கள் வம்சாவளியில் சேர்த்துக்கொள்வேன்" என்றார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அரசு அலுவலகத்தில் பழைய பதிவேடுகளோடு காலம் தள்ளியவனுக்கு இது என்ன பெரிய வேலை? இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். ஒருமுறை படித்தும் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் ஓடியது. கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவருடைய அத்தையே நேரில் வந்துவிட்டார். எண்பது வயதைத் தாண்டியவர். "என்னங்க இது? அந்த வீடு எங்களுக்குப் பங்காளி வீடு. அங்கே சாவு விழுந்தா எங்களுக்குத் தீட்டு உண்டு. எங்க தாத்தாவை அவங்களுக்கு மச்சான்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே!" என்றார். அவர் தாத்தா என்றது, அந்த மரணத்தை அறிவிக்கப் போன இருவரில் முதலாமவரை.

படத்தைத் திறந்து பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். பெயர்களை விட்டுவிட்டு, அசலில் இருந்த வரிகளைத் தமிழில் தருகிறேன்.

வரி 6: முதலாமவர், வயது நாற்பத்தைந்து, விவசாயி, வசிப்பது அரியாங்குப்பம்,

வரி 7: இறந்தவரின் சகோதரர், மற்றும் இரண்டாமவர், வயது முப்பத்தெட்டு,

வரி 8: விவசாயி, வசிப்பது அரியாங்குப்பம், இறந்தவரின் மைத்துனர்,

நான் ஆறாம் வரியை "வசிப்பது அரியாங்குப்பம்" என்று தட்டி முடித்து, மறுபடி படத்துக்குக் கண்ணைத் திருப்பியபோது, அது எட்டாம் வரியில் இருந்த "வசிப்பது அரியாங்குப்பம்" மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து தொடர்ந்தேன். இடையில் இருந்த சகோதரர் என்ற சொல்லும் போயிற்று, இரண்டாமவரும் போனார். மிஞ்சியது: "முதலாமவர், வயது நாற்பத்தைந்து, விவசாயி, வசிப்பது அரியாங்குப்பம், இறந்தவரின் மைத்துனர்." இலக்கணம் சரி, பொருளும் சரி. உறவு மட்டும் தலைகீழ். பெண் கொடுத்து எடுக்கக் கூடாத வீடு, சம்பந்தம் செய்யக்கூடிய வீடாகிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பிழைக்கு "சோ துய் மெம் ஓ மெம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லிலிருந்து அதே மாதிரியான இன்னொரு சொல்லுக்குத் தாவுவது என்று பொருள். எங்கள் ஊர் எத்தா சிவில் பதிவுகளில் இதற்கு வழி அதிகம். வயது இன்ன, தொழில் இன்ன, வசிப்பது இன்ன என்று ஒரே வாய்பாடு ஆளுக்கு ஆள் திரும்பத் திரும்ப வரும்.

இதிலிருந்து நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று உண்டு. நகலைப் படித்துப் பார்ப்பது ஒப்பிடுவது ஆகாது. விட்டுப்போன சொல் நகலில் இல்லை; இல்லாததை நகலில் தேடி எப்படிக் கண்டுபிடிப்பது? அது அசலில் மட்டும்தான் இருக்கிறது. பழைய நகல்களின் அடியில் "கொலசியொனே" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அசலோடு ஒத்துப் பார்த்தது என்று அர்த்தம். நகல் எடுப்பது ஒரு வேலை, ஒத்துப் பார்ப்பது வேறு வேலை. ஓய்வு பெற்ற பிறகு நான்தான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டேன்.

இப்போது குடும்பப் பதிவுகளைப் படமெடுத்து எழுதிவைப்பவர்கள் நம்மில் பலர். எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள பிரெஞ்சுக் காப்பகம் புதுச்சேரிப் பதிவேடுகள் பலவற்றை இணையத்திலேயே வைத்திருக்கிறது. அவர்களுக்காக நான் மேசைமேல் ஒட்டிவைத்திருக்கும் பட்டியலைத் தருகிறேன்.

1. அசலில் வரி முடிகிற இடத்தில் நகலிலும் வரியை முடித்திருக்கிறேனா?

இதுதான் அஸ்திவாரம். பலர் அழகுக்காக ஒரே பத்தியாக ஓட்டி எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அப்படி எழுதினால் எதை எதோடு ஒப்பிடுவது? அசலில் ஒரு சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போனால் நகலிலும் உடையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுங்கள். அழகான பத்தியை எல்லாம் முடிந்த பிறகு தனியாகச் செய்துகொள்ளலாம்.

2. வரிகளின் எண்ணிக்கை சரியா?

முதலில் படத்தில் எண்ணுங்கள், பிறகு நகலில். அந்த மரணப் பதிவில் 21 வரிகள். என் நகலை வரி வரியாக உடைத்துப் பார்த்தபோது 20தான் வந்தது. அரை நிமிட வேலை; செய்திருந்தால் அத்தை வெயிலில் வந்திருக்க வேண்டாம்.

3. ஒவ்வொரு வரியின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் பொருந்துகிறதா?

நடுவில் இருப்பதை இப்போது படிக்க வேண்டாம். இடது ஓரத்தை மேலிருந்து கீழாக, பிறகு வலது ஓரத்தை. அசலில் ஏழாம் வரி "சகோதரர்" என்று தொடங்குகிறது, நகலில் "மைத்துனர்" என்று. பிரெஞ்சில் ஒன்று ஃப்ரேர், மற்றொன்று போ-ஃப்ரேர். வால் ஒன்றாக இருப்பதால் அவசரக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முழுச் சொல்லையும் பாருங்கள்.

4. திரும்ப வரும் சொற்கள் அத்தனை முறையும் வந்திருக்கின்றனவா?

தாவல் நடக்கும் இடம் இதுதான். "வசிப்பது" என்பதற்கான தெமரான் என்ற சொல் படத்தில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். அந்தப் பதிவில் மூன்று: இறந்தவருக்கு ஒன்று, அறிவித்த இருவருக்கும் ஒவ்வொன்று. நகலில் Ctrl+F அழுத்தி அதே சொல்லைத் தேடினால் கணினியே எண்ணிச் சொல்லும். எனக்கு இரண்டுதான் வந்தது. வயதைக் குறிக்கும் சொல்லும் அப்படியே, மூன்றுக்கு இரண்டு. வாய்பாட்டில் எழுதிய ஆவணங்களுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

5. சொல் சொல்லாகப் பார்த்தாயிற்றா, படத்திலிருந்து நகலுக்கு?

திசை முக்கியம். படத்தில் ஒரு சொல்லைப் பார்த்து, அது நகலில் இருக்கிறதா என்று கேளுங்கள். நகலைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போனால், இருப்பது மட்டும்தான் சரிபார்க்கப்படும். படத்தில் நீங்கள் பார்க்கும் வரிக்குக் கீழே ஒரு காகிதப் பட்டையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் நகலில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வரலாம். படிப்பவர் நகல் எடுத்தவராக இருக்கக் கூடாது. அவர் தான் எழுதியதையே படிப்பார். தனி ஆள் என்றால் மறுநாள் காலையில், கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் போங்கள். கதை ஓடாது, அதனால் கண்ணும் ஓடாது.

6. சின்னச் சொற்கள் இருக்கின்றனவா?

வரி எண்ணிக்கையில் இவை பிடிபடாது. "ஃபே" என்று மூன்றெழுத்துச் சொல், காலஞ்சென்ற என்று பொருள். தகப்பனார் பெயருக்கு முன்னால் அதை விட்டால் செத்தவர் பிழைத்துவிடுவார். "தி" என்றால் என்கிற. அதை விட்டால் ஒரே ஆளின் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டு புதுப் பெயராகும். எதிர்மறைச் சொல் போனால், கையெழுத்துப் போடத் தெரியாதவர் தெரிந்தவராகிவிடுவார். இவற்றை மட்டும் தேடி ஒருமுறை படத்தைச் சுற்றி வாருங்கள்.

7. ஓரத்தில் எழுதியதும் அடித்ததும் வந்தனவா?

எழுத்தர் விட்டுப்போனதை ஓரத்தில் எழுதி, உள்ளே ஒரு குறி போட்டிருப்பார். இதற்கு ரான்வுவா என்று பெயர். குறிகள் எத்தனையோ அத்தனை ஓரக்குறிப்புகள் உங்கள் நகலில் வேண்டும். அடித்த சொற்களுக்குப் பல பதிவுகளில் கடைசியில் "மூன்று சொற்கள் அடிக்கப்பட்டன, செல்லாது" என்பது போல ஒரு வரி இருக்கும். அந்த எண்ணும் நீங்கள் எண்ணியதும் பொருந்த வேண்டும். நம் முன்னோடி நமக்காகவே விட்டுப்போன சரிபார்ப்பு அது.

8. படிக்க முடியாத சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேனா?

புரியாததைப் பிறகு பார்க்கலாம் என்று தாண்டிப் போனால் அது தாண்டியதாகவே நின்றுவிடும். ஒவ்வொரு புரியாத சொல்லுக்கும் [?] போடுங்கள். இரண்டு சொல்லென்றால் இரண்டு.

ஒரு பிழையைக் கண்டு திருத்தினால் அந்த வரி முழுவதையும் அதற்கு அடுத்த வரியையும் மறுபடி ஒப்பிடுங்கள். விட்டதைச் சேர்க்கும் அவசரத்தில் அடுத்ததை அழித்துவிடுவது எனக்கு நடந்திருக்கிறது.

இந்தப் பட்டியலால் ஆகாததும் உண்டு. தப்பாகப் படித்த எழுத்தை இது முழுக்கப் பிடிக்காது. 'ந' என்பதை 'உ' என்று படித்தவர் ஒப்பிடும்போதும் 'உ' என்றே படிப்பார். அதற்கு வேறு கண் வேண்டும். பதிவேட்டை எழுதியவரே ஒரு சொல்லை விட்டிருந்தால் அதுவும் நம் வேலை அல்ல. அசலில் இல்லாததை நாம் சேர்க்கக் கூடாது. வேண்டுமானால் கீழே தனிக் குறிப்பாக எழுதலாம்.

இதெல்லாம் செய்ய ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. அது முடியாதவர் நகலின் தலையில் "ஒப்பிடப்படவில்லை" என்று எழுதிக் கொடுப்பதுதான் நியாயம். படித்துப் பார்த்தேன் என்ற தைரியத்தில் கொடுக்க வேண்டாம்.

திருத்திய நகலை நானே எதிர்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அடியில் கொலசியொனே என்று எழுதித் தேதியும் போட்டிருந்தேன். அத்தைக்குப் பிரெஞ்சு தெரியாது. ஏழாம் வரியில் விரலை வைத்து, "இங்கேதானே அண்ணன் தம்பின்னு இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம்தான் காபி வந்தது.