பின்னு நுழைஞ்சா போதுமாய்யா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பாத்து. மொக்கை போடக்கூட நேரமில்லாம ஆணி புடுங்கிட்டு இருந்தவனை, நம்மூரு தூத்துக்குடில இருந்து வந்த ஒரு போன் கால் உசுப்பி விட்டுடுச்சு. இது கொஞ்சம் சூடான பதிவுதான். பொறுத்துக்கோங்க மக்கள்ஸ்.

எங்க சித்தப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்ல வேலை பாக்காரு. டெல் இன்ஸ்பிரான் 3558 லேப்டாப். பழைய அடாப்டர் வயர் கழுத்துல பிஞ்சு போச்சுன்னு கடையில புதுசு வாங்கியிருக்காரு. மாட்டுன அன்னில இருந்து சார்ஜ் 14 சதவீதத்துலயே நிக்குது, மெஷினும் ஆமை மாதிரி நகருது. கடைக்காரர் பாத்துட்டு, "பேட்டரி போச்சு அண்ணாச்சி, 2200 ரூவா ஆவும்"னு சொல்லிட்டாரு. சொன்னதோட விடலை. புது பேட்டரியப் போட்டு ஓட்டியும் காட்டியிருக்காரு.

"ஏலே, பணத்தக் குடுக்கதுக்கு முன்னாடி ஒன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னுதான் கூப்பிட்டேன்"னாரு.

"போட்டோ எடுத்து அனுப்புங்க சித்தப்பா"ன்னேன். வந்தது லேப்டாப்போட மேல்மூடி போட்டோ! மூடுன சிப்பியப் பாத்து உள்ள முத்து இருக்கான்னு சொல்ல முடியுமா? எனக்கு வேண்டியது மூணு லேபிள்: லேப்டாப்போட அடிப்பக்கம், அடாப்டர், கழட்டுன பேட்டரியோட உள்பக்கம். பிளாஷ் போட்டா எழுத்து வெள்ளையடிச்சுப் போயிடும். வெளிச்சத்துல கொஞ்சம் சாய்ச்சு எடுக்கச் சொன்னேன். கூடவே அடாப்டர் பின் முனையையும் கிட்டக்க.

லேப்டாப் அடியில: 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். புது அடாப்டர்ல: 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர். ரெண்டுமே 65 வாட். பின்னோட வெளிவட்டம் 4.5 மில்லிமீட்டர், அச்சா நுழையுது. பிளஸ் மைனஸும் சரி. அப்புறம் என்னதான் கோளாறு?

பின் முனை போட்டோவுல நீலக் கலர் வளையம். அது எச்.பி. லேப்டாப்புக்கான அடாப்டர்!

இங்கதான் மேட்டரே. அந்தப் பின்னுக்கு நடுவுல ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கு பாருங்க, அதுல கரண்ட் வராது. டெல் அடாப்டருக்குள்ள ஒரு குட்டி மெமரி சிப் இருக்கு. "நான் 65 வாட், 19.5 வோல்ட்"னு அந்தக் கம்பி வழியாத்தான் அது லேப்டாப்புக்கு சொல்லும். எச்.பி.யும் அதே நடுக்கம்பியத்தான் வச்சிருக்கு, ஆனா அடையாளம் சொல்ற முறை வேற. டெல்லுக்கு அது புரியாது. யாருன்னே தெரியாத அடாப்டரை நம்பி எவ்வளவு கரண்ட் இழுக்கதுன்னு தெரியாம, டெல் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தாது, பிராசஸரையும் மெதுவாக்கிடும். சித்தப்பா சொன்ன ரெண்டு வியாதியும் இதேதான். ஆன் பண்ணும்போது திரையில இப்படி வந்துச்சான்னு கேட்டேன்:

```
The AC power adapter wattage and type cannot be determined.
```

"ஆமாலே, தெனமும் வரும். என்டரத் தட்டிட்டுப் போயிருவேன்"னாரு. வெளங்கிரும்!

F2 தட்டி பயாஸுக்குள்ள போனா AC Adapter Type-ன்னு ஒரு வரி இருக்கும். அதுல 65 வாட்னு காட்டாம தெரியலைன்னு காட்டுனா சந்தேகமே வேண்டாம். இன்னொண்ணையும் சொல்லிடுறேன். ஒரிஜினல் அடாப்டர்லயே நடுக்கம்பி வளைஞ்சாலோ, நம்ம உப்புக்காத்துல பூத்துப் போனாலோ இதே செய்திதான் வரும். அதனால முதல்ல முனையப் பாருங்க.

சரி, பேட்டரி நெசமாவே செத்துருச்சா? விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடிக்கச் சொன்னேன்:

```
powercfg /batteryreport
```

வர்ற அறிக்கையில DESIGN CAPACITY பிறந்தப்ப இருந்த கொள்ளளவு, FULL CHARGE CAPACITY இப்ப இருக்கிறது. பழைய பேட்டரியத் திரும்ப மாட்டிப் பாத்ததுல முதலாவது 40,000 சொச்சம், ரெண்டாவது 27,000 சொச்சம் மில்லிவாட் அவர். மூணுல ரெண்டு பங்கு உசுரு இருக்கு. இதையா குப்பையில போடச் சொன்னாரு?

அப்ப கடையில புது பேட்டரி ஓடுனது எப்படி? புது பேட்டரி பாதி சார்ஜோடதான் வரும். அதை வச்சு ஒரு மணி நேரம் ஓடத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் அதுவும் நின்னிருக்கும்.

"நான் ரெண்டு வருஷமா வேற அடாப்டர்தான் போடுறேன், ஒண்ணும் ஆகலையே"ன்னு பின்னூட்டம் போட ரெடியா இருக்கவங்களுக்கு: வோல்ட் ஒண்ணா இருந்தா லேப்டாப் எரியாது, ஒத்துக்கிறேன். நாம இழக்கிறது வேகமும் சார்ஜும், கடைசில பேட்டரி காசும். ஆனா வாட் குறைஞ்ச பேரில்லா அடாப்டர்னா கதை வேற. தாங்க முடியாத கரண்டை இழுத்து சூடாகி உருகவும் செய்யலாம். வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் அதே அளவு இல்ல கூட இருக்கலாம். 65-க்கு பதிலா டெல்லோட 90 வாட் போட்டா தப்பில்லை.

அடுத்து நம்ம இன்ஜினியர் ஜாதி. யார் கேட்டாலும் "ஒரிஜினல் மட்டும் வாங்கு"ன்னு சொல்லிட்டு நழுவுறோமே, அதுவும் சோம்பேறித்தனம்தான். 2006-ல டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பக் கேட்டுச்சு. உள்ள இருந்த செல் சோனியோடது. அத்தனையும் ஒரிஜினல்தான்! எந்தப் பேட்டரி ஆபத்துன்னு வீட்டுல இருந்தவன் கண்டுபிடிச்சது லேபிள்ல இருந்த நம்பரை வச்சுத்தான். பிராண்டை நம்பாதீங்க, லேபிளைப் படிங்க.

சித்தப்பாவோட பேட்டரி லேபிள்ல டைப் M5Y1K, 14.8 வோல்ட், 40 வாட் அவர். என்னைக்காவது மாத்தும்போது தேட வேண்டியது இந்த அஞ்செழுத்தைத்தான். நாலாவதா 1 இருக்கா, I இருக்கான்னு பாத்துக்கோங்க. கடையில காட்டுன புதுசு போட்டோவையும் கேட்டு வாங்குனேன். 14.8 வோல்ட், 5200 மில்லி ஆம்பியர் அவர், 40 வாட் அவர்னு போட்டிருக்கு. பெருக்கிப் பாருங்கய்யா: 14.8 தடவை 5.2, கிட்டத்தட்ட 77. லேபிளே தன்னைத்தானே பொய்யாக்குது. உள்ள நாலு செல் வரிசையா இருக்கு. அந்த சைஸ் செல் சாதாரணமா 3500-க்கு மேல போகாது. 40 வாட் அவர்னா 2700 பக்கம்தான் வரணும்.

கடைசியா ஒண்ணு. நம்ம நாட்டுல விக்கிற அடாப்டர், பேட்டரி லேபிள்ல பி.ஐ.எஸ். குறியோட R- ன்னு ஆரம்பிக்கிற எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கணும். BIS Care செயலில அதைப் போட்டா யார் பேர்ல, எந்தப் பொருளுக்குப் பதிஞ்சதுன்னு வரும். அடாப்டர்ல இருக்க நம்பருக்கு வேற ஏதோ பொருள் வந்தா, கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க.

சித்தப்பா பேட்டரிய வேண்டாம்னுட்டு, அடாப்டரைத் திருப்பிக் குடுத்து, LA65NS2-01-ன்னு லேபிள் உள்ள டெல் அடாப்டரா வாங்கிட்டாரு. மாட்டுன உடனே சார்ஜ் ஏறிடுச்சு. கடைக்காரர் மேல எனக்குக் கோவமில்லை, அவரு ஏமாத்தலை, தெரியாமத்தான் சொன்னாரு. "பின்னு நுழையுதுல்ல, அப்ப போடு"ங்கற அந்த ஒத்தை வரி மேலதான் கோவம்.

டிஸ்கி: பேட்டரி உப்பியிருந்தா மேல சொன்ன எந்த சோதனையும் செய்யாதீங்க. சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, குத்தாதீங்க. நேரா மின்கழிவு வாங்குற இடத்துல குடுத்துடுங்க. கும்மியடிக்க வர்றவங்க லேபிள் போட்டோவோட வரவும் :)