ஸ்பைருலினாவை நம்பி பி12 மாத்திரையை விடாதீர்கள்



ஸ்பைருலினா, குளோரெல்லா வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். புரதத்துக்காக என்றால் வேண்டாம். ஸ்பைருலினா பொடியில் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மைதான். ஆனால் அரை கிராம் மாத்திரை 6 விழுங்கினாலும் மொத்தமே 3 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது.

எனக்குக் கவலை பி12 பற்றித்தான். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12-ஐப் போலவே தோன்றும், நம் உடலுக்கு உதவாத ஒரு போலி. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்துவிடும். நெதர்லாந்தில் அப்படிக் குறைவுள்ள குழந்தைகளுக்கு ஸ்பைருலினாவும் கடற்பாசியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளிவந்தது. ரத்தத்தில் பி12 அளவு ஏறியது. சிவப்பணுக்களோ இன்னும் பெருத்தன! அதாவது, ரிப்போர்ட் நன்றாக இருக்கும். குறை உள்ளேயே இருக்கும். கால் மரத்துப்போய், நரம்பு கெட்ட பிறகு தெரிந்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

குளோரெல்லா சிலவற்றில் நிஜ பி12 உண்டு, ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். உடம்பின் நஞ்சை நீக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. சரியாக வளர்க்காத ஸ்பைருலினாவில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப்பாசியே கலந்துவிடுவதுண்டு.

சுத்த சைவக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்டு சாதாரண பி12 மாத்திரையே போடுங்கள். ஏற்கெனவே ஸ்பைருலினா சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.