விளக்கை மீண்டும் எப்போது இணைப்பது?

ஐயம்பேட்டைத் தறிவீடு ஒன்றில் சூரியப் பலகையும் 12 வோல்ட் காரீய-அமில பாட்டரியும் தறிக்கு மேலே ஒரு விளக்கை எரிப்பதாகக் கொள்வோம். 14.4 வோல்ட்டில் மின்னேற்றத்தை நிறுத்துவதில் சச்சரவில்லை. சச்சரவெல்லாம் கீழ் வரம்பில்தான்.

11.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் கட்டுப்படுத்தி விளக்கைத் துண்டிக்கிறது. பளு நீங்கியதால் மின்னழுத்தம் தானாகவே ஏறி, சில நிமிடங்களில் 11.8-ஐ எட்டலாம். புதிய மின்னேற்றமோ ஒரு துளியும் வரவில்லை! 11.5-லேயே மறுபடி இணைத்தால் விளக்கு எரியும், அணையும், மீண்டும் எரியும். ஊடை இழை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மறு இணைப்பை 12.6-இல் வைப்பதே சரி என்பேன். வெயில் படாமல் பாட்டரி அதை எட்டாது.

பொறுமையிழந்து பாட்டரியிலிருந்து விளக்குக்கு நேரே கம்பி இழுப்போரும் உண்டு. வறண்ட பாட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் காரீய சல்பேட் கெட்டிப்படும். பிறகு முழு வெயிலிலும் பழைய கொள்ளளவு திரும்பாது.