பென்சில் பிடித்த மானேஜர்

என் மச்சினன் மெஸ் நடத்துகிறான். ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு லோனுக்கு எழுதிப் போட்டான். பாங்கில் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட் கேட்டார்கள்.

"அத்தான், மாசம் 1,20,000 ரூபா வரவு ஓடுது. கண்ணை மூடிக்கிட்டுக் கொடுப்பாங்க!" என்று என்னையும் துணைக்கு இழுத்துப் போனான்.

மானேஜர் கண்ணை மூடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தார்.

"இந்த 40,000 உங்களோட இன்னொரு அக்கவுன்ட்லேர்ந்து வந்து, மூணாம் நாள் அங்கேயே திரும்பிப் போயிருக்கு. வலது பாக்கெட்லேர்ந்து இடது பாக்கெட்டுக்கு மாத்தினா அது வருமானமா சார்?" ஓர் அடி. சிநேகிதன் கொடுத்த கைமாற்று 20,000. கடன் வருமானமாகாது, இன்னோர் அடி. 5,000-க்குப் போட்ட செக் பவுன்ஸ். அதுவும் போச்சு. மிச்சம் 55,000.

"இதுவும் வியாபாரம்தான். அரிசி, காய்கறி, கேஸ் போக நிக்கறதுதான் வருமானம். அதை உங்க இன்கம்டாக்ஸ் ரிட்டர்னோட ஒத்துப் பார்ப்போம்."

அடுத்து 5, 15, 25 தேதிகளில் இருப்பு எவ்வளவு என்று குறித்தார். 1,800, 2,400, 1,200. "சராசரி 1,800. அஞ்சாம் தேதி நான் தவணை எடுக்க வந்தா, எதை எடுக்கறது?"

மச்சினன் எச்சில் விழுங்கினான்.

"மாசாமாசம் 7-ம் தேதி 4,200 போகுதே, என்ன அது?" ஃப்ரிட்ஜ் வாங்கிய கடன். விண்ணப்பத்தில் எழுத மறந்திருந்தான். அந்தத் தவணையும் ஒரு மாதம் பணமில்லாமல் திரும்பி, அபராதம் தனி வரியாக நின்றது. "ஒரு தடவைன்னா காரணம் கேட்போம். அடிக்கடின்னா காரணமே கேக்க மாட்டோம்."

கடைசி வரிக்கு வந்தார். "போன வாரம் திடீர்னு 2,00,000. யாரு அனுப்பினது?" பெயரைப் படித்தார். என் பெயர்! "நீங்க யாரு சார்?" என்று என்னைக் கேட்டார். நான் ஃபேனைப் பார்த்தேன். இருப்பைப் பெரிதாகக் காட்ட நான் அனுப்பி வைத்த தொகை. அதையும் ஒதுக்கிவிட்டார்.

"கல்லாப்பொட்டில இதைவிட நிறைய வருது சார்" என்றான் மச்சினன் பரிதாபமாக.

"வருது. ஆனா கல்லாவிலேர்ந்து நேரா மார்க்கெட்டுக்குப் போயிடுது. பாங்க் பக்கம் எட்டிப் பார்க்காத காசு எங்களுக்குத் தெரியாதே! ஆறு மாசம் தினசரி வசூலை ஒரே அக்கவுன்ட்ல போட்டு, அதுலேர்ந்து செலவு பண்ணுங்க. ஃப்ரிட்ஜ் கடனை எழுதுங்க. கைமாற்றுக்கு ஒரு கடுதாசியும், திருப்பிக் கொடுத்த அத்தாட்சியும் வையுங்க. இப்பவே வேணும்னா கேட்டதுல பாதிதான் தேறும்."

வீட்டுக்காரர் கொடுத்த கெடு மூன்றே மாதம். பாதிக்கு ஒத்துக்கொண்டான். மீதிக்கு அவன் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

வீட்டுக்கு வந்ததும் என் சகதர்மிணி கேட்டாள்: "நம்ம ரெண்டு லட்சம் எங்கே?"

"பத்திரமா இருக்கு," என்றேன். "அவன் ஸ்டேட்மென்ட்ல!"