மூன்றாவது புகாருக்கு என்ன பதில்?

“தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் பார்சல் விரைவில் வந்து சேரும்.” கூரியர் நிறுவனங்களின் முகநூல் பதிவுகளுக்குக் கீழே வரும் புகார்களுக்கெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரே பதில்தான். முதல் புகாருக்கு இது போதும் என்றுகூடச் சொல்லலாம். அதே ஆள் மூன்றாம் முறை எழுதும்போதும் இதையே ஒட்டினால், அவர் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பதை நிறுவனமே ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும். கோபம் தாமதத்தால் தொடங்குகிறது. அதை முற்றவைப்பது இந்தப் பதில்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருப்பூரிலிருந்து திங்களன்று கிளம்பிய பார்சல் வியாழனன்று தென்காசியில் சேர வேண்டும், சேரவில்லை. வெள்ளியன்று வாடிக்கையாளர் எழுதுகிறார், பழைய பதில். சனிக்கிழமை மாலை ‘கதவு பூட்டியிருந்தது’ என்று அவர் கைப்பேசிக்குத் தகவல் வருகிறது. மறுபடி எழுதுகிறார், மறுபடி அதே பதில். திங்களன்று வெடிக்கிறார்: “சனிக்கிழமை முழுக்க வீட்லதான் இருந்தேன். பொய் சொல்றீங்களா?”

பதில் எழுத உட்காரும் ஊழியர் முதலில் செய்ய வேண்டியது கிளைக்குத் தொலைபேசி போடுவது. மாலையில் கைப்பட்டியலை முடித்துக் காட்டுவதற்காக, போகாத வீட்டுக்கும் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று போடுவது இந்தத் தொழிலில் பலருக்கும் தெரிந்த சங்கதி. கண்டுபிடிப்பதும் கடினமில்லை. மூன்று வெவ்வேறு தெருக்களுக்கான பதிவுகள் நாலு நிமிடத்துக்குள் விழுந்திருந்தால், வண்டி அங்கெல்லாம் போயிருக்க முடியாது. வாடிக்கையாளருக்கு அழைப்பு போனதா என்பதையும் பார்க்கலாம். இதைப் பார்க்காமல் “நீங்கள் வீட்டில் இல்லாததால்” என்று பொதுவில் எழுதுவது மிகப் பெரிய தவறு. பதிவு பொய்யாக இருந்தால் நிறுவனமும் அந்தப் பொய்க்குச் சாட்சியாகிவிடுகிறது.

விசாரணை முடியும்வரை காத்திருக்கவும் முடியாது. அப்போது நான் எழுதச் சொல்லும் பதில் இது:

“வணக்கம். வியாழக்கிழமை தருவதாகச் சொன்ன பார்சலை இன்றுவரை நாங்கள் தரவில்லை. நீங்கள் இரண்டு முறை கேட்டும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. அதுவும் எங்கள் தவறு. மன்னியுங்கள். பார்சல் இப்போது எங்கள் தென்காசிக் கிளையில் இருக்கிறது. சனிக்கிழமை கதவு பூட்டியிருந்ததாக எங்கள் பதிவு சொல்கிறது. வீட்டில் இருந்ததாக நீங்கள் சொல்கிறீர்கள். அந்தப் பதிவு எப்படி வந்தது என்று விசாரிக்கிறோம். கிளை மேலாளர் இன்று மாலை 5 மணிக்குள் உங்களை அழைத்து, நாளை எப்போது கொண்டுவரலாம் என்று கேட்பார்.”

இதில் ‘தாமதம் ஏற்பட்டது’ என்ற தொடர் இல்லை. ‘ஏற்பட்டது’ என்று எழுதினால் செய்தவர் மறைந்துவிடுகிறார். மழையைப் போலத் தாமதமும் தானே வந்ததாகிறது. ‘நாங்கள் தரவில்லை’ என்று எழுதினால் வாக்கியத்துக்குள் ஓர் ஆள் வந்து நிற்கிறார். கோபமாக இருப்பவர் தேடுவது அந்த ஆளைத்தான். ‘சிரமம் ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும்’ இன்னும் மோசம்: அந்த ‘இருந்தால்’ அவர் பட்ட பாட்டையே சந்தேகிக்கிறது. ‘ஏற்கெனவே தெரிவித்தபடி’ என்பதும் வேண்டாம். அது கண்டிக்கும் குரல்.

‘விரைவில்’ இருந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம் வந்திருக்கிறது. கவனியுங்கள், அது பார்சல் வரும் நேரம் அல்ல, தொலைபேசி வரும் நேரம். வண்டி எப்போது போகும் என்பது பதில் எழுதுபவர் கையில் இல்லை. மேலாளரை அழைக்கவைப்பது அவரால் முடியும். காப்பாற்ற முடிகிற வாக்கை மட்டுமே பொதுவில் கொடுக்க வேண்டும். 5 மணி கடந்தும் அழைப்பு போகவில்லை என்றால், இந்தப் பதில் பழைய பதிலைவிடக் கேடு விளைவிக்கும்.

வாடிக்கையாளரின் பெயர், தெரு, கைப்பேசி எண், பில் எண் எதுவும் பதிலில் வரக்கூடாது. அதற்காக ‘தனிச்செய்தி அனுப்புங்கள்’ என்று மட்டும் சொல்லி ஒதுங்குவதும் சரியல்ல. எண்தான் நிறுவனத்திடமே இருக்கிறதே, அழைக்க வேண்டியவர் யார்?

இணையத்தில் பொருள் விற்கும் நிறுவனங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். அங்கும் ஒட்டுப் பதில் அந்த 48 மணி நேரக் கணக்கை முடித்துவைக்கும், புகாரைத் தீர்க்காது.

செவ்வாயன்று பார்சலைக் கொடுத்த பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. பதிவு பொய் என்று விசாரணையில் தெரிந்தால், அதே இடத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: “இன்று காலை ஒப்படைத்தோம். சனிக்கிழமை எங்கள் ஊழியர் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. நீங்கள் சொன்னதே சரி.” எழுதக் கை தயங்கும். வாடிக்கையாளரைப் பொய்யர் என்று காட்டிய பதிவு ஊர் பார்க்க நின்றதே, அதைத் திருத்துவதும் ஊர் பார்க்கத்தான் நடக்க வேண்டும். ஒரே பகுதியிலிருந்து இப்படி நாலைந்து புகார் வந்து, காரணம் ஆள் பற்றாக்குறை என்று தெரிந்தால், சேர்க்க வேண்டிய வரி வேறு: அந்தத் தடத்தில் ஓர் ஆள் குறைவு, புதியவர் எந்தத் தேதியில் வருகிறார் என்பது.