சம்மதமும் விலகலும்: மத்திய மின்னணுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சென்ற மாதம் என் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். கூடத்துச் சுவரில் புதிதாக மாட்டியிருந்த ஸ்மார்ட் தொலைக்காட்சியைக் காட்டி, “தம்பி, அந்த விளம்பர அனுமதியை நானே தேடிப் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டேன், இனிமே இதுக்கு நம்ம வீட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது” என்று அவர் நிம்மதியோடு சொன்னார். படித்தவர், பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர், நிபந்தனைகளை வாசிக்காமல் எதிலும் கையெழுத்திடாத சுபாவம் உடையவர்; அத்தகையவருடைய அந்த நிம்மதிக்கு ஆதாரமே இல்லை என்பதை அன்று மாலையே நாங்கள் கண்டுகொண்டதுதான் இந்த மடலை எழுதத் தூண்டிய காரணம்.

இத்தகைய தொலைக்காட்சிகளில் சம்மதம் இரண்டு வெவ்வேறு விசைகளில் அடங்கியிருக்கிறது. ஒன்று, திரையில் ஓடுவது இன்னதென்று கண்டறிந்து நிறுவனத்திற்கு அனுப்புவதற்கான சம்மதம். மற்றொன்று, அப்படித் திரண்ட விவரத்தைக் கொண்டு நம் ருசிக்கேற்ற விளம்பரத்தைக் காட்டுவதற்கான சம்மதம். சாம்சங் பெட்டிகளில் முதலாவது “Viewing Information Services” என்றும், இரண்டாவது “Interest-Based Advertising” என்றும் வழங்குகின்றன. எல்ஜி பெட்டிகளில் முதலாவதற்குரிய விசை “Live Plus” என்ற பெயரோடு, கூடுதல் அமைப்புகளுக்குள் இருக்கிறது. இரண்டாவதை மட்டும் அணைத்தவர் விளம்பரத்தின் தன்மையை மாற்றிக்கொள்கிறாரே தவிர, பெட்டி பார்ப்பதை நிறுத்திவிடுவதில்லை. விளம்பரங்களின் எண்ணிக்கையும் அதனால் குறைவதில்லை. என் தமக்கையார் அணைத்தது அந்த இரண்டாவது விசையைத்தான்.

பெட்டி பார்க்கிறது என்று நான் சொல்வது உருவகம் அன்று. தானியங்கி உள்ளடக்க அடையாளம் காணல் என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு, திரையில் தோன்றும் காட்சியையோ ஒலியையோ மிகச் சிறு இடைவெளிகளில் மாதிரி எடுத்து, அதைச் சுருக்கி, மனிதரின் விரல்ரேகையைப் போல் அந்தக் காட்சிக்கே உரிய ஒரு குறியாக்கி, இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்புகிறது. அங்கே ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் லட்சக்கணக்கான குறிகளோடு அது ஒப்பிடப்பட்டு, இந்த இல்லத்தில் இந்த நேரத்தில் இந்த நிகழ்ச்சி ஓடியது என்பது பதிவாகிறது. படம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி இதற்கு அக்கறையில்லை. ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எல்ஜி பெட்டி ஏறத்தாழ 15 விநாடிகளுக்கு ஒருமுறையும் சாம்சங் பெட்டி நிமிடத்திற்கு ஒருமுறையும் இக்குறிகளை அனுப்புவதையும், ஹெச்டிஎம்ஐ கம்பியால் ஒரு கணினியை இணைத்து அதன் திரையாகப் பெட்டியை உபயோகிக்கும்போதும் இந்த அனுப்புதல் தொடர்வதையும் எடுத்துக்காட்டியது. கேபிள் செட்டாப் பெட்டியின் வழியே செய்தி பார்க்கிறவரும், மடிக்கணினியை இணைத்துக் குடும்பப் புகைப்படங்களைக் காட்டுகிறவரும் இதற்கு வெளியே இல்லை. உரிய விசையை அணைத்தால் அந்த அனுப்புதல் நின்றுவிடுகிறது என்பதையும் அதே ஆய்வு கண்டது. ஆறுதலான அந்தச் செய்தியே இந்த மடலின் அடிப்படை.

தமக்கையார் வீட்டில் நாங்கள் செய்த பரீட்சை எளியது. கணினி வலைப்பின்னல் வேலையில் இருக்கும் என் மருமகன், வீட்டு ரவுட்டரில் பெட்டி எந்தெந்த முகவரிகளைத் தேடிச் செல்கிறது என்ற பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு, செட்டாப் பெட்டியில் ஒரு செய்திச் சேனலை ஓடவிட்டான். “acr” என்ற எழுத்துகளைத் தாங்கிய முகவரி ஒன்று அந்தப் பதிவில் திரும்பத் திரும்ப வந்தது. விளம்பர விசை ஏற்கெனவே அணைந்திருந்தது. முகவரி வந்துகொண்டேதான் இருந்தது. பிறகு அமைப்புப் பட்டியலுக்குள் புகுந்து, பொது, தனியுரிமை, விதிமுறைகள் என்று ஒவ்வொரு வாசலாகக் கடந்து, ஒன்பதாவது அழுத்தலில் பார்வைத் தகவலுக்கான விசையை எட்டி அணைத்தோம். சிறிது நேரத்தில் அந்த முகவரி பதிவிலிருந்து மறைந்தது. இரவு முழுவதும் சேனலை ஓடவிட்டும் திரும்ப வரவில்லை. இப்படிச் சோதிக்க விரும்புகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேறு நிறுவனத்தின் திரைப்படச் செயலி ஓடும்போது இந்த அனுப்புதல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும் என்பதால், சேனலையோ ஹெச்டிஎம்ஐ இணைப்பையோ ஓடவிட்டுப் பார்த்தால்தான் முடிவு நம்பத்தக்கதாகும். அச்செயலிகள் தங்கள் கணக்கின் வழியே தாங்களே திரட்டும் விவரத்தை இந்த விசை தொடுவதும் இல்லை. அதற்கு அவ்வச் செயலியின் அமைப்புகளுக்குள் தனியே செல்ல வேண்டும்.

பெட்டியை முதன்முதல் இயக்கிய நாளில் இவை அனைத்திற்கும் சேர்த்துச் சம்மதம் அளிக்க என் தமக்கையாருக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் அழுத்தல். அன்று வந்த திரையில் “அனைத்துக்கும் ஒப்புக்கொள்” என்ற பொருளுடைய ஆங்கில வாசகம் பெரிதாக ஒளிர்ந்ததும், தமிழில் ஒரு வரியும் இல்லாததும் அவருக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் அதே திரை மறுபடியும் வரும். பழுதுபார்க்க வந்த ஊழியரோ வீட்டுச் சிறுவனோ அவசரத்தில் அதே பொத்தானை அழுத்தினால், நாங்கள் அணைத்தவை எல்லாம் சத்தமின்றி உயிர்பெற்றுவிடும்.

இந்த விஷயத்தில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் விசியோ என்ற நிறுவனம் ஒரு கோடியே 10 லட்சம் பெட்டிகளிலிருந்து பார்வை விவரங்களைத் திரட்டியதாக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையமும் நியூஜெர்சி மாநிலமும் தொடுத்த வழக்கு, 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் செலுத்தும் உடன்பாட்டில் முடிந்தது. அப்பெட்டிகளில் விசைக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் “Smart Interactivity”; நிகழ்ச்சிச் சலுகைகளையும் பரிந்துரைகளையும் தருவது என்பதே அதற்குத் தரப்பட்டிருந்த விளக்கம். தொகையைக் காட்டிலும் அந்த உத்தரவின் மற்ற இரண்டு அம்சங்களே எனக்கு முக்கியமாகப் படுகின்றன: பழைய விவரங்களை அழிக்க வேண்டும் என்றும், இனித் திரட்டுமுன் கண்ணில் படும்படி அறிவித்து வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும் என்றும் அது விதித்தது. நம் வீடுகளில் விசையை அணைப்பது அந்த நாள் முதலான திரட்டலைத்தான் தடுக்கிறது. அதற்கு முன் போனது போனதுதான்.

நமது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தைத் திரும்பப் பெறுவது அதை அளித்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்றும், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளிலும் அதைக் கோரும் வாசகம் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஓர் அழுத்தலில் கொடுத்ததை ஒன்பது அழுத்தலில் திரும்பப் பெறுவது சுலபம் ஆகாது. அதே சட்டம் குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. கைப்பேசி ஒருவருடையது, தொலைக்காட்சியோ குடும்பம் முழுவதன் உடைமை. கூடத்தில் காலையில் பாட்டியும், மாலையில் பேரனும், விடுமுறை நாளில் விருந்தினரும் அமர்ந்து பார்க்கிற ஒரு பெட்டிக்கு, அதைப் பிரித்து மாட்டிய நாளில் ஒருவர் அழுத்திய பொத்தான் எவ்வாறு எல்லோருடைய சம்மதமாகும் என்பதற்கு எனக்கு விடை தெரியவில்லை. எட்டு வயதுப் பேரன் விஷயத்தில் அது சம்மதமே ஆகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சட்டத்தின் பிரதான கடமைகள், விதிகள் அறிவிக்கப்பட்ட 2025 நவம்பரிலிருந்து 18 மாதங்கள் கழித்து அமலுக்கு வரவிருக்கின்றன. அதற்குள் தொலைக்காட்சிகளுக்கென்று தாங்கள் ஒரு தெளிவுரை வெளியிட வேண்டுகிறேன். பார்வை விவரத் திரட்டல் பெட்டி வரும்போதே அணைந்த நிலையில் இருக்கட்டும். முதல் திரையில் மறுக்கும் பொத்தான் ஒப்புக்கொள்ளும் பொத்தானின் அளவிலேயே அதன் அருகில் இருக்கட்டும். “நீங்கள் பார்ப்பதைப் பதிவு செய்து அனுப்புதல்” என்று தமிழிலும் பிற மொழிகளிலும் விசைக்கு அதன் உண்மையான பெயர் சூட்டப்படட்டும். அணைக்கும்போதே பழைய பதிவுகளை அழிக்கக் கோரும் வழியும் அதே இடத்தில் கிடைக்கட்டும். என் தமக்கையாருக்கு உதவ என் மருமகன் அருகில் இருந்தான். ஆகவே அவருடைய பெட்டியில் இப்போது இரண்டு விசைகளும் அணைந்திருக்கின்றன.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஒரு பிரஜை